எஞ்சிய நான்கு வீடுகள்

மாணவர்களே, உங்கள் வீட்டு வாயிற்படிக்கு அருகே, சுவரிலோ கதவு நிலையிலோ, சுண்ணக்கட்டியால் எழுதிய ஒரு சிறு குறியை எப்பொழுதேனும் கண்டிருக்கிறீர்களா? ஓர் அம்புக்குறி, ஓர் எண், ஒரு தேதி, அவற்றின் நடுவே ஓர் எழுத்து. மழை வந்தால் அழிந்துவிடும் அக்குறியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இளம்பிள்ளைவாதம் என்னும் கொடிய நோயை நம் நாட்டைவிட்டு ஓட்டிய பெரும்பணியில் அச்சிறு குறிக்கும் ஒரு பங்கு உண்டு. அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் நச்சுயிரி, நோயுற்ற குழந்தையின் மலத்தின் வழியாக வெளிப்பட்டு, மாசுற்ற நீரினாலும் கைகளினாலும் பிற குழந்தைகளின் வாயை அடைகிறது. அவ்வாறு தொற்றியவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவரே கால் கை முடங்கும் நிலையை அடைகின்றனர். ஏனையோருக்குச் சிறு காய்ச்சலோ தொண்டை வலியோ தோன்றி மறையும். பலருக்கு அதுவும் தோன்றுவதில்லை. ஆகவே ஓர் ஊரில் ஒரு குழந்தையின் கால் முடங்கியது என்று நாம் அறியும்பொழுது, அந்நோய் கண்ணுக்குப் புலப்படாமல் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடையே முன்னரே பரவியிருக்கும். முடங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

அக்காப்பினைத் தருவது வாய்வழி ஊட்டும் இரண்டு சொட்டு மருந்து. நம் நாட்டில் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் ஒரே காலத்தில் அம்மருந்தை அளிக்கும் முறை 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் தொடங்கிற்று. அவ்வாண்டில் மூன்று வயதிற்கு உட்பட்டவர்களுக்கே அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து வயது வரம்பு ஐந்தாக உயர்ந்தது. முதலில் மக்கள் தம் குழந்தைகளை மருந்து முகாமிற்குத் தூக்கி வந்தனர். முகாமிற்கு வராத குழந்தைகள் ஒவ்வொரு முறையும் எஞ்சி நிற்பதைக் கண்ட பின்னர், 1999-ஆம் ஆண்டு முதல் பணியாளர் வீடு வீடாகச் சென்று தேடும் முறையும் சேர்க்கப்பட்டது.

வீடு வீடாகச் செல்வோர் பெரும்பாலும் இருவர். ஒருவர் கையில் பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய மருந்துப் பெட்டி இருக்கும். மற்றொருவரிடம் கணக்குத்தாளும், மை எழுதுகோலும், சுண்ணக்கட்டியும் இருக்கும். குழந்தையின் நாவில் இரண்டு சொட்டு விட்டு, அது விழுங்கிய பின்னரே இடக்கைச் சுண்டுவிரலின் நகத்திலும் நகத்தை ஒட்டிய தோலிலும் மை இடுவர். இவ்வரிசையை மாற்றுதல் கூடாது. முதலில் மை இட்டுவிட்டால், குழந்தை வீறிட்டு அழுது மருந்தைத் துப்பிவிட்டாலும், ஓடி ஒளிந்துகொண்டாலும், விரல் மட்டும் ‘மருந்து பெற்றவன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். செயல் முடிந்த பின் இடுவதே அடையாளம்.

வீட்டுச் சுவரில் இடும் குறிக்கும் இதுவே விதி. அவ்வீட்டில் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் எல்லோரும் மருந்து பெற்றுவிட்டால் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை எழுதுவர். அவ்வயதுக் குழந்தையே இல்லாத வீட்டிற்கும் அக்குறியே. ஒரு குழந்தையேனும் மருந்து பெறாமல் எஞ்சினால், அல்லது வீடு பூட்டிக் கிடந்தால், பெருக்கற்குறி போன்ற ‘எக்ஸ்’ என்னும் எழுத்தை இடுவர். நான்கு குழந்தைகளுள் மூவர் பெற்று ஒருவர் பெறாவிட்டாலும் அவ்வீடு ‘எக்ஸ்’ வீடே. ‘பெரும்பாலும் முடிந்தது’ என்பதற்கு இம்முறையில் குறி இல்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் செல்லும் வழியில், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் சமவெளியில் ஒரு சிற்றூர் இருப்பதாகக் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அவ்வூர்ப் பள்ளியில் மருந்து முகாம் நடந்தது. மறுநாள் திங்கட்கிழமை, பணியாளர் இருவர் அவ்வூரின் 90 வீடுகளைப் பார்க்க அனுப்பப்பட்டனர் என்க. ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர்; மற்றவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த இளம்பெண்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிக்குள் 90 வீடுகளின் வாயிலிலும் அவர்கள் நின்றுவிட்டனர். 81 வீடுகளுக்குப் ‘பி’ குறி இட்டனர். அவற்றுள் 46 வீடுகளில் சிறு குழந்தைகள் இல்லை. எஞ்சிய 35 வீடுகளில் இருந்த குழந்தைகள் 48 பேர். அவர்களுள் 41 பேரின் விரல்களில் ஞாயிற்றுக்கிழமை முகாமில் இட்ட மை இருந்தது. மை இல்லாத 7 பேருக்கு அன்று காலை மருந்து ஊட்டப்பட்டது. ஒன்பது வீடுகளுக்கு ‘எக்ஸ்’ குறி இட வேண்டியதாயிற்று. நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்று வீடுகளின் நான்கு குழந்தைகள் தாயோடு வயலுக்குச் சென்றிருந்தனர். ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். தாய் ‘இன்று வேண்டாம்’ என்றார். மற்றொரு வீட்டில் நான்கு திங்கள் நிறைந்த பேரனுக்கு மருந்து தர அவன் அப்பத்தா முற்றிலும் மறுத்துவிட்டார்.

இவ்விடத்தில் இருவழிகள் பிரிகின்றன. வெயில் கடுமையாக இருக்கிறது. கால்கள் ஓய்ந்துவிட்டன. தொண்ணூறு வீட்டு வாயில்களையும் மிதித்தாயிற்று என்பதும் உண்மையே. ஒன்பது ‘எக்ஸ்’ குறிகளையும் ‘பி’ என்று எழுதிவிட்டால் கணக்கு அழகாக முடிந்துவிடும். மாலையில் கூட்டத்தில் எவரும் கேள்வி கேட்கமாட்டார். அவ்வாறு எழுதுபவர் பெரும்பாலும் தீயவர் அல்லர். ‘பூட்டிய வீட்டில் குழந்தை இருக்காது, இருந்தாலும் முகாமில் பெற்றிருக்கும்’ என்று தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொள்பவர். ஆயினும் அவர் எழுதியது பொய்.

அப்பொய்யின் தீமை யாது? ‘எக்ஸ்’ குறி இட்ட வீட்டிற்கு நாளை ஒருவர் வருவார். ‘பி’ குறி இட்ட வீட்டிற்கு எவரும் வரமாட்டார். மருந்து பெறாத குழந்தை உள்ள வீட்டில் உண்மையாக எழுதிய ‘எக்ஸ்’, அக்குழந்தைக்கு இன்னொரு வாய்ப்பைத் தருகிறது. பொய்யாக எழுதிய ‘பி’ அவ்வாய்ப்பை அடைத்துவிடுகிறது. வேலை செய்யாமையைக் காட்டிலும் செய்யாததைச் செய்ததாக எழுதுதல் பெருந்தீங்கு ஆவது இதனாலேயே.

அன்றியும், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சி நிற்போர் வெவ்வேறு குழந்தைகள் என்று எண்ணுதல் தவறு. பிழைப்பிற்காக ஊர் ஊராகச் செல்லும் குடும்பம் இச்சுற்றிலும் பூட்டிய கதவாகவே காணப்படும். அடுத்த சுற்றிலும் அவ்வாறே. அஞ்சி மறுக்கும் வீடு ஒவ்வொரு முறையும் மறுக்கும். ஆகவே நூற்றுக்கு ஐந்து பேர் விடுபடுகின்றனர் என்றால், அவ்வைந்து பேர் பெரும்பாலும் அதே ஐந்து பேராகவே இருப்பர். நச்சுயிரி தங்கியிருக்க இடம் தேடுவது அத்தகைய குழந்தைகளிடத்தேதான்.

நாம் எடுத்துக்கொண்ட ஊரின் பணியாளர் இருவரும் ஒன்பது ‘எக்ஸ்’ குறிகளையும் உள்ளவாறே எழுதினர். கணக்குத்தாளின் பின்புறத்தில் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு வரி ஒதுக்கி, வீட்டுத் தலைவர் பெயர், குழந்தைகளின் எண்ணிக்கை, விடுபட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்தனர். பூட்டிய வீடுகளைப் பற்றி அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்தனர். காரணத்தை எழுதுவது பழியைத் தட்டிக் கழிப்பதற்காக அன்று. அடுத்த முயற்சி எந்நேரத்தில், எவரால், எவ்விடத்தில் நிகழ வேண்டும் என்பதைக் காரணமே முடிவு செய்கிறது. வயலுக்குச் சென்ற தாயை மறுநாள் காலை பத்து மணிக்குத் தேடிச் சென்றால் மறுபடியும் பூட்டிய கதவையே காண நேரும். அவரைக் காண வேண்டின் மாலையில் செல்ல வேண்டும். ஒருவர் சொல்லைக் கேட்டு மறுத்தவரிடம் அவரையே மீண்டும் அனுப்புவதில் பயனில்லை. அவர் மதிக்கும் வேறொருவர் செல்ல வேண்டும். நேரமும் ஆளும் மாறாமல் மீண்டும் நடப்பது கால்களுக்கு வேலையே அன்றிக் குழந்தைக்குப் பயன் தருவதன்று.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு இருவரும் மீண்டும் புறப்பட்டனர். வயலினின்று திரும்பிய மூன்று வீட்டாரின் நான்கு குழந்தைகளுக்கும் மருந்து கிடைத்தது. பூட்டிக் கிடந்த நான்கு வீடுகளுள் இரண்டு திறந்திருந்தன. ஒன்றில் சிறு குழந்தை இல்லை. மற்றொன்றில் இருந்த ஒரு குழந்தைக்கு மருந்து ஊட்டினர். இவ்வாறு ஐந்து வீடுகள் ‘பி’ ஆயின. எஞ்சியவை நான்கு. இரவு கவிவதற்குள் அவர்கள் மேற்பார்வையாளரிடம் அளித்த அறிக்கை இவ்வாறு அமைந்திருந்தது:

‘பார்த்த வீடுகள் 90. முடிந்தவை 86. மருந்து பெற்ற குழந்தைகள் 53. அவர்களுள் முகாமில் பெற்றதாக விரல் மையால் அறிந்தவர் 41, இன்று நாங்கள் ஊட்டியவர் 12.

எஞ்சிய வீடுகள் 4, குழந்தைகள் 5.

ஒன்று, கிழக்குத் தெருவில் பூட்டிய வீடு, குழந்தை 1. திருமங்கலத்தில் உறவினர் வீட்டிற்குச் சென்றுள்ளனர். நாளை மாலை திரும்புவர் என்று அண்டை வீட்டார் கூறினர். நாளை இரவு ஏழு மணிக்கு நாங்களே செல்வோம்.

இரண்டு, குளத்தங்கரைத் தெருவில் பூட்டிய வீடு, குழந்தைகள் 2. செங்கற்சூளை வேலைக்குக் குடும்பத்தோடு சென்றுள்ளனர். திரும்பும் நாள் தெரியவில்லை. சூளை இருக்கும் இடத்தை நாளைக்குள் கேட்டுத் தெரிவிப்போம்.

மூன்று, பள்ளிக்கூடத் தெருவில் காய்ச்சலுற்ற குழந்தை 1. தாய் நாளை வரச் சொன்னார். நாளைக் காலை செல்வோம்.

நான்கு, அதே தெருவில் மறுத்த வீடு, குழந்தை 1. எங்கள் சொல் பயன்படவில்லை. கிராமச் செவிலியர் புதன்கிழமை காலையில் வர வேண்டுகிறோம்.’

மாணவர்களே, இவ்வறிக்கையைச் சற்றே உற்று நோக்குங்கள். இதில் மூன்று செய்திகள் தனித்தனியே நிற்கின்றன. முடிந்தது எவ்வளவு, முடியாதது எது, முடியாததை எப்பொழுது, எவர் மீண்டும் முயல்வார். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் படிப்பவர் தவறான முடிவிற்கு வருவார். முதற்செய்தி மட்டும் இருந்தால், 86 வீடுகள் என்னும் பெரிய எண் நான்கு வீடுகளை மறைத்துவிடும். இரண்டாவது மட்டும் இருந்தால், இருவரும் நாள் முழுதும் ஒன்றும் செய்யாதவர் போலத் தோன்றுவர். மூன்றாவது இல்லையெனில், ‘எவரேனும் பார்த்துக்கொள்வர்’ என்று எல்லோரும் எண்ண, எவரும் பாராமல் விடுவர். ‘பின்னர் செல்வோம்’ என்பதற்கும் ‘நாளை இரவு ஏழு மணிக்கு நாங்களே செல்வோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: பின்னது நடந்ததா இல்லையா என்று நாளை இரவு எட்டு மணிக்கு ஒருவர் கேட்க இயலும்.

மேலும், தெரியாததைத் தெரியாது என்றே அவர்கள் எழுதியமையைக் காண்க. சூளைக்குச் சென்ற குடும்பம் திரும்பும் நாளை அவர்கள் கற்பனை செய்து எழுதவில்லை. நாள் தெரியாத இடத்தில், அந்நாளை அறிவதற்குரிய அடுத்த செயலையும் அதற்குரிய காலத்தையும் எழுதினர்.

அறிக்கையில் நூற்று விழுக்காட்டை மட்டும் எழுதினால் போதாதா என்று நீங்கள் வினவலாம். 90 வீடுகளுள் 86 என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 96. தேர்வில் இம்மதிப்பெண் பெற்றால் மகிழ்வோம். ஆனால் 96 என்னும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தெருவிற்குச் செல்வது? நான்கு வீடுகளின் பெயர்ப்பட்டியலே அதற்கு வழி காட்டும். விழுக்காட்டில் இன்னுமொரு மயக்கம் உண்டு. மதுரை நகரில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலும் தொடர்வண்டி நிலையத்திலும் பயணம் செய்யும் குழந்தைகளுக்கு மருந்து ஊட்டும் முகாம்கள் அமைப்பதுண்டு. அங்கே மருந்து பெறும் குழந்தைகளுள் பலர் வெளியூரினர். அவர்களையும் கூட்டி, நகரின் குழந்தைத் தொகையால் வகுத்தால், நூற்றுக்கு நூற்றிரண்டு என்றுகூட விடை வரக்கூடும். அப்பொழுதும் நகரின் ஒரு சந்தில் மருந்து பெறாத குழந்தைகள் இருக்கலாம். வெளியூர்க் குழந்தை பெற்ற சொட்டு, உள்ளூரில் விடுபட்ட குழந்தையைக் காக்காது.

பொய்யான ‘பி’ குறியை எவ்வாறு கண்டுபிடிப்பர்? பணியாளர் சென்ற பின்னர், மேற்பார்வையாளர் ‘பி’ குறி இட்ட வீடுகளுள் சிலவற்றைத் தாமாகத் தெரிந்தெடுத்துச் சென்று, குழந்தைகளின் சுண்டுவிரலைப் பார்ப்பர். மை இல்லாத விரல் ஒன்று தென்பட்டாலும் அக்குறி பொய்க்குறி. அத்தகைய வீடு சில கண்டால், அப்பணியாளர் சென்ற வீடுகள் அனைத்தையும் மீண்டும் பார்க்க வேண்டிய நிலை ஏற்படும். ஏனெனில் எந்தக் குறியை நம்புவது என்பது இனித் தெரியாது. ஒன்பது வீடுகளை மறைக்கப் போய், உழைத்துப் பெற்ற 81 வீடுகளின் கணக்கும் மதிப்பிழக்கும். வேறொரு குறிப்பும் மேற்பார்வையாளர் கண்ணுக்குத் தப்பாது. வேலை நாளில் தொண்ணூறு வீடுகள் உள்ள ஊரில் ஒரு கதவுகூடப் பூட்டியிராமல் இருப்பது அரிது. ஆகவே ‘எக்ஸ்’ ஒன்றும் இல்லாத கணக்குத்தாளே முதலில் ஐயத்திற்கு உரியதாகும்.

நம் ஊர்க்கதையைத் தொடர்வோம். செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத் தெருக் குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது. எளிய காய்ச்சல் இம்மருந்திற்குத் தடையன்று என்பதைப் பணியாளர் தாய்க்கு எடுத்துக்கூறி, அவர் இசைவு பெற்று மருந்து ஊட்டினர். அன்றிரவு ஏழு மணிக்குக் கிழக்குத் தெரு வீட்டிற்குச் சென்றனர். திருமங்கலத்திலிருந்து திரும்பியோர் அப்பொழுதுதான் மூட்டையை இறக்கி வைத்திருந்தனர். “பேருந்து நிலையத்திலேயே சொட்டு மருந்து போட்டுவிட்டார்கள், அம்மா” என்றார் குழந்தையின் தந்தை. அவர் பொய் சொல்லுபவர் அல்லர். எனினும் அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் விரலைக் கேட்டு வாங்கி, விளக்கொளியில் மையைக் கண்ட பின்னரே ‘பி’ எழுதினார். மை காணப்படாதிருந்தால் மீண்டும் ஊட்டியிருப்பர். ஒருமுறை மிகுதியாகப் பெறுவதால் குழந்தைக்குத் தீங்கில்லை, பெறாமல் விடுபடுவதிலேதான் தீங்கு உண்டு. ஐயம் எழுந்தால் எப்பக்கம் சாய வேண்டும் என்பதை இவ்வேறுபாடே கற்பிக்கிறது.

புதன்கிழமை காலை கிராமச் செவிலியர் வந்தார். மறுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “அப்பத்தா, பேரனுக்கு ஏன் வேண்டாம் என்றீர்கள்?” என்று கேட்டார்.

“மூத்த பேத்திக்கு ஊசி போட்ட அன்று இரவெல்லாம் காய்ச்சல் அடித்தது, தாயே. இந்தப் பிள்ளை இளைத்துக் கிடக்கிறான். இவனுக்கும் வந்துவிட்டால் தாங்குவானா?” என்றார் மூதாட்டி.

அவர் அஞ்சியது ஊசியை. வந்திருப்பதோ சொட்டு மருந்து. திங்கட்கிழமை வந்தவர்கள் ‘மறுப்பு’ என்று மட்டும் அறிந்தனர். அதன் காரணத்தைக் கேட்டறியப் போதிய நேரம் அவர்களுக்கு இல்லை. செவிலியர் மருந்துக் குப்பியைக் காட்டி, ஊசி இல்லை என்பதை விளக்கினார். குப்பியின் மேல் ஒட்டிய சிறு வட்டத்தையும் அதனுள் இருந்த சதுரத்தையும் காட்டி, சதுரம் வட்டத்தைக் காட்டிலும் வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள் என்றும் கூறினார். மூதாட்டி சற்று நேரம் எண்ணினார். பின்னர்ப் பேரனைத் தம் மடியில் கிடத்தி, அவரே அவன் வாயைத் திறந்து பிடித்தார்.

இனி எஞ்சியது குளத்தங்கரைத் தெருவின் ஒரு வீடு. அக்குடும்பம் வேறொரு வட்டாரத்தில் உள்ள செங்கற்சூளையில் தங்கியிருப்பதாக உறவினர் கூறினர். அச்செய்தியை மேற்பார்வையாளர் அவ்வட்டாரத்தாருக்குத் தெரிவித்தார். சூளைகள், கட்டட வேலைகள் நடக்கும் இடங்கள் ஆகியவற்றில் தங்குவோரைத் தேடித் தனிக்குழுக்கள் செல்வதுண்டு. அக்குழுவின் பட்டியலில் அவ்விரு குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். ஆயினும் ‘அங்கே பெற்றிருப்பர்’ என்று எண்ணி இங்கே ‘பி’ எழுதவில்லை. செய்தி சொல்லியாயிற்று என்பது வேறு, சொட்டு ஊட்டியாயிற்று என்பது வேறு.

புதன்கிழமை மாலை அளித்த இறுதி அறிக்கை சில வரிகளிலேயே முடிந்தது: ‘90 வீடுகளுள் 89 முடிந்தன, 58 குழந்தைகளுள் 56 பேர் மருந்து பெற்றனர். குளத்தங்கரைத் தெருவில் ஒரு வீடு, குழந்தைகள் இருவர், எஞ்சினர். சூளை வட்டாரத்திலிருந்து விடை வரவில்லை. விடை வரும்வரை இவ்வீடு ‘எக்ஸ்’ வீடே. அடுத்த சுற்றில் இவ்வூரில் முதலில் பார்க்க வேண்டிய வீடும் இதுவே.’

ஓர் ஊரின் கணக்கு இவ்வாறு ஒரு வீடு குறையாகவே முடிந்தது. எனினும் அக்குறை எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. நாடெங்கும் எண்ணற்ற பணியாளர் இவ்வாறு ‘எக்ஸ்’ எழுதி, மீண்டும் சென்று, அதனைப் ‘பி’ ஆக்கினர். தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டிற்குப் பின்னர் இயற்கை நச்சுயிரியால் இளம்பிள்ளைவாதம் எவருக்கும் வரவில்லை. இந்தியாவில் அந்நோய் கண்ட கடைசிக் குழந்தை மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்தது. நோய் தொடங்கிய நாள் 2011-ஆம் ஆண்டு சனவரி 13. அக்குழந்தை சொட்டு மருந்து பெறாது விடுபட்ட குழந்தை. மூன்றாண்டுகள் நோயின்றிக் கழிந்த பின், 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி இளம்பிள்ளைவாதம் அற்றது என்று உலகச் சுகாதார அமைப்பு சான்று அளித்தது.

அதன் பின்னரும் இப்பணி நின்றுவிடவில்லை. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அந்நோய் இன்னும் வேரறவில்லை. அது மீண்டும் எல்லை கடந்து வரலாம். ஆதலால் சொட்டு மருந்து நாளில் உங்கள் வீட்டு வாயிலுக்கு வருவோர் சுவரில் ‘எக்ஸ்’ இட்டுச் சென்றால் சினங்கொள்ளாதீர்கள். தம் வேலை இன்னும் முடியவில்லை என்பதை அவர்கள் உங்கள் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டுச் செல்கிறார்கள். மாலையில் அவர்கள் மீண்டும் வரும்பொழுது, உங்கள் தம்பியோ தங்கையோ வீட்டில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.